நேவி மட்டும் 25ஆம் தேதி

“சார், நேவி துணி லேட் ஆகுது. இன்னும் கொஞ்சம் டைம் கிடைச்சா நல்லாயிருக்கும்.”

திருப்பூரின் ஏற்றுமதி அலுவலகங்களில் வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ இப்படியொரு செய்தி அடிக்கடி மேனேஜருக்குப் போகும். எழுதியவருக்குப் பாரம் இறங்கிவிடும். படிப்பவருக்கோ அப்போதுதான் வேலை தொடங்குகிறது. எத்தனை பீஸ்? ஏன் லேட்? கொஞ்சம் என்றால் இரண்டு நாளா, பத்து நாளா? மற்ற கலர்கள் என்ன நிலையில் இருக்கின்றன? பையரிடம் நான் என்ன சொல்வது? ஐந்து கேள்விகளுக்கு ஐந்து போன் கால். அதற்குள் பாதி நாள் ஓடிவிடும்.

தேதியைத் தள்ளி வைக்கக் கேட்கும் கடிதம் எல்லா வேலையிலும் உண்டு. ஆனால் தேதியின் அருமை துல்லியமாகத் தெரியும் இடங்களில் திருப்பூரும் ஒன்று. துணி பின்னும் இடம் ஒன்று, சாயம் ஏற்றும் இடம் வேறு, தைக்கும் இடம் இன்னொன்று. கப்பலோ தூத்துக்குடியிலிருந்து தன் நாளில் கிளம்பிவிடும், யாருக்காகவும் நிற்காது. ஆகவே அங்கே நடக்கக்கூடிய ஒரு நிலவரத்தை எடுத்துக்கொண்டு, நல்ல கடிதம் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. வேலையின் போக்கு மட்டும் நிஜத்தில் உள்ளதுதான்.

ஆர்டர் 12,000 காட்டன் டி-ஷர்ட். கிரே மெலாஞ்ச், ஒயின், நேவி என மூன்று கலர், கலருக்கு 4,000 பீஸ். ஃபேக்டரியை விட்டுச் சரக்கு கிளம்ப வேண்டிய நாள் ஜூலை 21, திங்கள். இதற்குப் பொறுப்பு ஒரு மெர்ச்சண்டைசர். பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று, நூல் வாங்குவதில் தொடங்கி அட்டைப்பெட்டி மூடுவது வரை எல்லாத் தேதிகளையும் ஒரே அட்டவணையில் வைத்து விரட்டுபவர். ‘டி அண்ட் ஏ’ என்று சொல்லப்படும் அந்த அட்டவணையின்படி ஜூலை 7இல் கட்டிங் தொடங்கும். 9 முதல் 15 வரை ஞாயிறு நீங்கலாக ஆறு நாள், இரண்டு தையல் லைன்கள் ஓடும். ஒரு லைனில் நாளுக்கு 1,000 பீஸ். பிறகு செக்கிங், அயர்னிங், பேக்கிங். 19ஆம் தேதி பையர் தரப்பின் ஃபைனல் இன்ஸ்பெக்ஷன்.

7ஆம் தேதி காலை லேபிலிருந்து ரிப்போர்ட் வருகிறது. நேவி துணி ரப்பிங் டெஸ்டில் தேறவில்லை.

ரப்பிங் டெஸ்ட் எளிமையானது. சாயம் ஏற்றிய துணியின்மேல் வெள்ளைத் துணியைக் குறிப்பிட்ட அழுத்தத்தில் தேய்த்து, எவ்வளவு சாயம் ஒட்டுகிறது என்று பார்த்து 1 முதல் 5 வரை தரம் போடுவார்கள். கறையே இல்லையென்றால் 5. ஈரத் துணியால் தேய்ப்பதில்தான் கருநீலமும் கறுப்பும் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். நம் பையர் கேட்டது 3, வந்தது 2. காட்டனுக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தில் ஒரு பகுதி நூலோடு பிணையாமல் தங்கிவிடும். அதைச் சுடுநீரில் சோப்பிங் செய்து வெளியேற்ற வேண்டும். அது போதாமல் போனால் சட்டையின் நீலம் கழுத்திலும் பையிலும் இறங்கும். இந்த லாட்டில் நடந்திருப்பது அதுதான் என்று டையிங் யூனிட்டும் ஒப்புக்கொள்கிறது.

இந்தக் கட்டத்தில் பலர் செய்வது, காத்திருப்பது. “முதல்ல ரீவாஷ் முடியட்டும், சரியாயிட்டா சொல்லவே வேண்டாமே” என்று தோன்றும். மேனேஜர் முகம் சுளிப்பாரோ, திறமையில்லை என்று நினைப்பாரோ என்ற தயக்கமும் சேரும். இந்தத் தயக்கத்தை ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலின் ஆஷ்லி வில்லன்ஸும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். கூடுதல் அவகாசம் கேட்டால் மேலதிகாரி தம்மைக் குறைவாக எடைபோடுவார் என்று ஊழியர்கள் அஞ்சுகிறார்கள். மேலதிகாரிகள் உண்மையில் அந்த அளவுக்குத் தப்பாக நினைப்பதில்லை. தேதியை மாற்ற இடமிருக்கும் வேலைகளில்கூட, ஆண்களைவிடப் பெண்கள் இப்படிக் கேட்பதைத் தவிர்க்கிறார்கள் என்பது 2021இல் வெளியான அவர்களது இன்னொரு கட்டுரையின் முடிவு. அவகாசம் கேட்பதற்கென்று அலுவலகத்தில் முறையான வழி இருந்தால் இந்த வித்தியாசம் குறைகிறதாம். மெர்ச்சண்டைசிங் பிரிவுகளில் இளம்பெண்கள் நிறையப் பேர் வேலை செய்யும் ஊரில், ஹெச்.ஆர். பிரிவுகள் கவனிக்க வேண்டிய தகவல் இது.

காத்திருப்பதால் வரும் நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. 7ஆம் தேதி சொன்னால் மேனேஜர் கையில் பல வழிகள் இருக்கும். நேவியை மட்டும் பிரித்து அனுப்பலாமா என்று பையரிடம் கேட்கலாம், லைன்களை அடுத்த ஆர்டருக்கு மாற்றலாம், இன்ஸ்பெக்ஷனைப் பிரித்துப் போடலாம். 14ஆம் தேதி சொன்னால் லைன்கள் அதற்குள் காலியாக நின்றிருக்கும். 18ஆம் தேதி சொன்னால் இன்ஸ்பெக்டர் மறுநாள் வருகிறார், கப்பலில் இடம் பதிவாகிவிட்டது. அப்போது மிஞ்சும் வழி பெரும்பாலும் விமானம்தான். அதன் செலவு கப்பலைப் போலப் பல மடங்கு. ஒரே செய்தி, 11 நாள் பிந்திப் போனால் கேட்கும் விலையே வேறாகிவிடுகிறது.

ஆனால் ரிப்போர்ட் வந்த நிமிடமே மெயில் தட்டுவதும் சரியில்லை. இந்த மெர்ச்சண்டைசர் முதலில் மூன்று போன் பேச வேண்டும். டையிங் யூனிட்டுக்கு: ரீவாஷுக்கு மெஷின் எப்போது கிடைக்கும், துணி எப்போது திரும்பும்? புரொடக்ஷன் மேனேஜருக்கு: நேவி இல்லாத நாட்களில் லைன்களுக்கு என்ன கொடுக்கலாம்? ஃபார்வர்டருக்கு: அடுத்த கப்பலுக்குச் சரக்கை எந்தத் தேதி வரை ஏற்பார்கள்? இவ்வளவும் மதியத்துக்குள் முடிந்துவிடும். மாலைக்குள் கடிதம் போகலாம்.

நிஜத்தில் இது ஆங்கிலத்திலோ, ஆங்கிலம் கலந்த தமிழிலோ போகும். எந்த மொழியானாலும் உள்ளே இருக்க வேண்டியது இதுதான்:

பொருள்: 12,000 டி-ஷர்ட் ஆர்டரில் நேவி 4,000 பீஸை மட்டும் ஜூலை 21க்குப் பதில் 25இல் அனுப்ப அனுமதி கோரி. நாளை (8ஆம் தேதி) மாலைக்குள் முடிவு தேவை.

வணக்கம் சார்.

நேவி 4,000 பீஸை ஜூலை 25, வெள்ளியன்று அனுப்ப உங்கள் அனுமதி வேண்டும். கிரே மெலாஞ்ச், ஒயின் இரண்டும் சேர்ந்து 8,000 பீஸ், ஏற்கெனவே சொன்னபடி 21ஆம் தேதி கிளம்பும். அவற்றின் கட்டிங் இன்று தொடங்கிவிட்டது.

நேவி துணி ஈர ரப்பிங்கில் 2 வந்திருக்கிறது, தேவை 3. ரிப்போர்ட் இணைத்துள்ளேன். சோப்பிங் போதவில்லை என்று டையிங் யூனிட் சொல்கிறது. துணி முழுவதும் ரீவாஷ் ஆக வேண்டும்.

புதிய திட்டம்:
ஜூலை 9, 10 – ரீவாஷ், காயவைத்தல், காம்பாக்டிங்
11 – துணி ஃபேக்டரிக்கு வரும், அன்றே சாம்பிள் லேபுக்கும் ஷேடு பார்க்கவும் போகும்
14 மாலை – லேப் ரிப்போர்ட், ஷேடு முடிவு
15 – கட்டிங்
16 முதல் 19 வரை – ஒரு லைனில் தையல்
18 முதல் 22 வரை – செக்கிங், அயர்னிங், பேக்கிங்
23 – இன்ஸ்பெக்ஷன்
24 – சரக்கு தயார்
25 – அனுப்புதல்

14, 15 தேதிகளில் இரண்டு லைன்களும் அடுத்த ஆர்டரை எடுத்துக்கொள்ளும், அதன் துணி தயாராக இருக்கிறது. 16 முதல் 19 வரை ஒரு லைனை நேவிக்குத் திருப்பித் தருகிறோம். ஆகவே அடுத்த ஆர்டரின் தேதி மாறாது. புரொடக்ஷன் மேனேஜரிடம் பேசிவிட்டேன்.

21ஆம் தேதிச் சரக்கு போகும் கப்பலுக்கு அடுத்த கப்பலுக்கு 28ஆம் தேதி வரை சரக்கு ஏற்பதாக ஃபார்வர்டர் சொல்கிறார். 25இல் கிளம்பினால் அதைப் பிடித்துவிடலாம். இரண்டாவது இன்ஸ்பெக்ஷன், தனி டாக்குமெண்ட் ஆகியவற்றுக்குக் கூடுதல் செலவு உண்டு. விவரம் நாளை காலை தருகிறேன்.

ரீவாஷில் ஷேடு கொஞ்சம் இறங்க வாய்ப்பிருக்கிறது. 14ஆம் தேதி ரப்பிங்கோ ஷேடோ தேறாவிட்டால் 25 நடக்காது. அன்று மாலையே உங்களைக் கூப்பிடுகிறேன்.

உங்களிடம் வேண்டுவது: பிரித்து அனுப்பப் பையரின் சம்மதம். இன்ஸ்பெக்ஷனை 19, 23 என இரண்டாகப் போட உங்கள் ஒப்புதல்.

இந்தக் கடிதத்தில் மன்னிப்பு இல்லை, புலம்பல் இல்லை. “கடுமையாக முயன்றும்” போன்ற சொற்கள் இல்லை. மேனேஜர் முதல் நாலு வரியைப் படித்தாலே எது மாறுகிறது, எது மாறவில்லை என்பது தெரிந்துவிடுகிறது. அவசரத்தில் இருப்பவர் அதற்குமேல் படிக்கத் தேவையில்லை.

கவனிக்க வேண்டியது, கேட்டது எவ்வளவு சிறியது என்பதுதான். ‘ஆர்டர் லேட்’ என்று எழுதியிருந்தால் 12,000 பீஸும் பையரின் கண்ணில் லேட்டாகியிருக்கும். உண்மையில் தள்ளிப் போவது மூன்றில் ஒரு பங்கு, அதுவும் நான்கு நாள். பையரின் கடைகளுக்கு இரண்டு கலர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நேவி ஒரு கப்பல் பிந்தும். தேதியைத் தள்ளும் முன், வேலையைப் பிரிக்க முடியுமா என்று பார்ப்பதுதான் இந்தக் கடிதத்தின் பெரிய பலம்.

பிரிப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. பணம் லெட்டர் ஆஃப் கிரெடிட் வழியாக வருகிறதென்றால் அந்த ஆவணத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். சர்வதேச வங்கி நடைமுறை விதிகளான யு.சி.பி. 600இன்படி, வேண்டாம் என்று எழுதியிருந்தால் ஒழியச் சரக்கைப் பகுதி பகுதியாக அனுப்பலாம். ஆனால் வேண்டாம் என்று எழுதியிருக்கும் எல்.சி.களும் உண்டு. கடைசி ஷிப்மெண்ட் தேதியும் அதில் இருக்கும். பையர் போனில் “ஓகே” சொன்னாலும், அந்தத் தேதி தாண்டிவிட்டால் வங்கி எல்.சி.யில் உள்ளதைத்தான் பார்க்கும். திருத்தம் வாங்கியாக வேண்டும். மேனேஜருக்கு இது தெரியும். ஆனாலும் மெர்ச்சண்டைசரே பார்த்து ஒரு வரி எழுதிவிட்டால், மேனேஜரின் மனத்தில் அந்தக் கடிதத்துக்குத் தனி மதிப்பு.

அடுத்தது, 25 என்ற தேதி எங்கிருந்து வந்தது?

திட்டப்படி 24ஆம் தேதியே சரக்கு தயார். அன்றே அனுப்புகிறேன் என்று சொல்லி நல்ல பெயர் வாங்கத்தான் தோன்றும். ஆனால் கப்பலுக்குச் சரக்கு எடுக்கும் கடைசி நாள் 28. 24இல் கிளம்பினாலும் 25இல் கிளம்பினாலும் அதே கப்பல்தான். ஒரு நாள் முன்னதாகச் சொல்வதால் பையருக்கு எந்த லாபமும் இல்லை. நமக்கோ கைவசம் இருந்த ஒரு நாள் போய்விடும். அதேபோல், பாதுகாப்பாக இருக்கட்டும் என்று 29 கேட்டால் ஒரு கப்பலையே இழந்துவிடுவோம். கேட்கும் தேதியை நம் வேலை முடியும் நாளோடு மட்டும் பார்த்தால் போதாது. அடுத்த கையில் இருப்பவரின் தேதியோடும் பொருத்த வேண்டும். ஆடிட்டருக்குக் கணக்குக் கொடுப்பவர், அச்சகத்துக்குப் பக்கங்கள் அனுப்புபவர், டெண்டர் கோப்பை மேலே அனுப்பும் எழுத்தர் என எல்லாருக்கும் இந்த ‘28ஆம் தேதி’ ஒன்று எங்காவது இருக்கும். முதலில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கைவசம் நாள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு 1994இல் வெளியான ஓர் ஆய்வு பதில் சொல்லும். ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக வந்த பதில் 34 நாள். எல்லாமே கெட்டுப்போனால்கூட எத்தனை நாள் என்றும் கேட்டார்கள். சுமார் 49 என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். மோசமான கணிப்பே நிஜத்தைவிட நல்லதாக இருந்திருக்கிறது! தன் வேலையைக் கணிக்கும்போது மனம் எதிர்வரும் படிகளை மட்டும் வரிசையாகப் பார்க்கிறது, போன முறை என்ன ஆனது என்பதைப் பார்ப்பதில்லை. டேனியல் கானமனும் ஏமாஸ் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே இதைச் சுட்டிக்காட்டியிருந்தார்கள். திருப்பூரில் இதற்கு மருந்து பழைய டி அண்ட் ஏ ஃபைல்தான். இதே டையிங் யூனிட் போன முறை ரீவாஷுக்கு எத்தனை நாள் எடுத்தது என்று அதில் இருக்கும். இரண்டு நாள் என்று இன்று போனில் சொன்னவர்கள் அன்று நான்கு எடுத்திருந்தால், கடிதத்தில் நான்கு என்றுதான் போட வேண்டும்.

முதலாளி பக்கத்திலிருந்து வரும் கேள்வி ஒன்று தவறாமல் இருக்கும்: “இன்னும் ரெண்டு லைன் போட்டு 21க்கே முடிச்சா என்ன?” கேட்பதில் தப்பில்லை. ஆனால் இங்கே தடை தையலில் இல்லை, துணியில் இருக்கிறது. 14ஆம் தேதி மாலை வரை துணிக்கு ஒப்புதலே கிடையாது. அதற்குப் பிறகு எத்தனை லைன் போட்டாலும் மிச்சமாவது மூன்று நாள். 21க்குள் இன்ஸ்பெக்ஷனும் முடிய வேண்டுமென்றால் பேக்கிங் இரவுபகலாக ஓட வேண்டும், செக்கிங்கை அவசரமாகக் கடக்க வேண்டும். அடுத்த ஆர்டரும் கலையும். ஐ.பி.எம்மில் ஓ.எஸ்/360 திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975இல் எழுதிய நூலில், பிந்திவிட்ட மென்பொருள் வேலைக்கு ஆள் கூட்டினால் அது மேலும் பிந்தும் என்று சொன்னார். அவர் சொன்ன காரணம், புதிதாக வருபவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் ஒருங்கிணைக்கவும் போகும் நேரம். தையல் லைனில் அந்தக் காரணம் முழுதாகப் பொருந்தாது, ஆள் கூட்டினால் பீஸ் கூடத்தான் செய்யும். ஆகவே “ஆள் போட்டாலும் ஆகாது” என்று பொதுவாக எழுதினால் முதலாளி நம்பமாட்டார். எந்தப் படியில் அடைபட்டிருக்கிறது என்று குறிப்பாகச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்.

காரணம் சொல்வதில் ஒரு சபலம் வரும். டையிங் யூனிட்டின் மேல் முழுப்பழியையும் போட்டு இரண்டு பத்தி எழுதத் தோன்றும். டையிங் செலவையும் டெபிட் நோட்டையும் பேச வேண்டியதுதான், ஆனால் தனியாக. இந்தக் கடிதத்துக்கு வேண்டியது, கோளாறு தெரிந்துவிட்டது, சரிசெய்ய இவ்வளவு நாள் ஆகும் என்ற இரண்டு தகவல்கள் மட்டும். சொல்லப்போனால் காரணத்தின் நீளம் கூடக்கூட, திட்டத்தின்மேல் எழுதுபவருக்கே நம்பிக்கையில்லை என்ற சந்தேகம் படிப்பவருக்கு வரும். லேப் ரிப்போர்ட்டை இணைப்பது மூன்று பத்தி விளக்கத்துக்குச் சமம்.

காரணமே நமது தவறாக இருந்தால்? ஷேடு ஒப்புதலை மெர்ச்சண்டைசரே மறந்து இரண்டு நாள் பிந்தி அனுப்பியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுத் திட்டத்துக்குப் போய்விடுவது நல்லது. மூடி மறைத்தால் மெயில் தேதிகள் காட்டிக்கொடுத்துவிடும்.

கடிதத்தில் பலர் விட்டுவிடும் பகுதி, 14ஆம் தேதி பற்றிய வரி. ‘தேறாவிட்டால் 25 நடக்காது’ என்று நாமே எழுதுவதா என்று தயக்கம். இது இல்லாத கடிதம், 15ஆம் தேதி இரண்டாவது முறை அவகாசம் கேட்கும் கடிதமாகத் திரும்பி வரும். முதல் முறை கேட்டபோது கேட்டுக்கொண்டவர், இரண்டாவது முறை திட்டத்தையே நம்பமாட்டார். எந்த நாளில், எதைப் பார்த்து, தேதி நிற்குமா நிற்காதா என்று தெரியவரும் என முன்கூட்டியே சொல்லிவிட்டால், கெட்ட செய்தி வந்தாலும் அது எதிர்பார்த்த செய்தி. மேனேஜரும் அதற்குள் விமானச் செலவை விசாரித்து வைத்திருப்பார், அல்லது நேவி அளவைக் குறைக்கலாமா என்று பையரிடம் கேட்டு வைத்திருப்பார்.

மறுப்பு வருவதும் உண்டு. பையர் விளம்பரத்தில் நேவி சட்டைதான் இருக்கிறது, 21 தாண்டக் கூடாது என்று சொல்லலாம். அப்போது கடிதம் வீணாகவில்லை. எல்லாத் தேதிகளும் மேசையில் இருப்பதால், பேச்சு உடனே அடுத்த இடத்துக்குப் போகும்: 4,000 பீஸும் 21க்கு வேண்டுமா, 1,000 பீஸை மட்டும் முதலில் தைத்து விமானத்தில் அனுப்பினால் போதுமா, அந்தச் செலவை யார் ஏற்பது? முதலில் பார்த்த “கொஞ்சம் டைம்” என்ற செய்தியிலிருந்து இந்தப் பேச்சுக்கு வந்துசேர இரண்டு நாள் ஆகியிருக்கும்.

அனுமதி வந்துவிட்டால் பலர் அதோடு மெயிலை மூடிவிடுகிறார்கள். அதன் பிறகுதான் பழைய தேதி ஒவ்வோர் இடமாக மாற வேண்டும்: டி அண்ட் ஏ அட்டவணை, கட்டிங் மாஸ்டரின் நோட்டு, பேக்கிங் லிஸ்ட், இன்ஸ்பெக்ஷன் பதிவு, ஃபார்வர்டரின் புக்கிங். மேனேஜர் சரி என்று சொன்ன பிறகும், 21ஆம் தேதி 12,000 பீஸுக்கும் சேர்த்து லாரி வந்து நின்ற கதைகள் நடக்கத்தான் செய்கின்றன. ‘ஓகே’ என்ற பதில் வந்ததும் ஃபார்வர்டருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.